மூல காரணம் என்ற தலைப்புக்குக் கீழே

அலுவலகம் முழுக்க நெட்வொர்க் முடங்கிய அன்று மாலை, சம்பவ அறிக்கையின் முதல் வரைவை எழுத உட்கார்ந்தேன். 'மூல காரணம்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி எழுதினேன்: "மூன்றாம் தளக் கூட்ட அறையில் ஊழியர் ஒருவர் கேபிளைத் தவறான இடத்தில் செருகியதால் லூப் ஏற்பட்டது."

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. கேபிளைச் செருகியவர் யார் என்றும் தெரியும்; பிற்பகலே அவர் என்னிடம் வந்து, "சார், கீழே ஒரு ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு, கழன்டு விழுந்திருக்கும்னு நெனச்சு நான்தான் சொருகினேன்" என்று சொல்லிவிட்டார். குரல் நடுங்கியது. நான் எழுதிய வரியை அவர் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. நாளைக்கு வேறொருவர் அதே கேபிளை அதே ஓட்டையில் செருகினால் என்ன ஆகும்? மறுபடியும் முழு அலுவலகமும் படுத்துவிடும். அப்படியென்றால் நான் எழுதியது மூல காரணமே இல்லை. வரியை அழித்துவிட்டுக் காலவரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். கூட்ட அறை மேஜைக்கடியில், பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஐந்து போர்ட் உள்ள சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. எந்த அமைப்பும் செய்ய முடியாத, மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும் சாதாரண வகை. அதிலிருந்து ஒரு கேபிள் சுவரில் உள்ள போர்ட்டுக்குப் போகிறது. மடிக்கணினியில் செருகுவதற்காக இன்னொரு கேபிளின் நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நுனி, சுவரில் பக்கத்திலேயே இருந்த இரண்டாவது போர்ட்டுக்குப் போனது. இப்போது சின்ன ஸ்விட்சிலிருந்து தளத்தின் ஸ்விட்சுக்கு இரண்டு வழிகள். ஒரு வழியில் போனது மற்ற வழியில் திரும்பி வரும். அதுதான் லூப்.

லூப் ஏன் இவ்வளவு கொடியது என்பதை நிர்வாகத்துக்குப் புரியும்படி எழுத எனக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன். ஒரு கணினி "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும் செய்தி பிராட்காஸ்ட். ஸ்விட்ச் அதை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் நகல் எடுத்து அனுப்பும். வழியில் ஒரு வட்டம் இருந்தால் அந்த நகல் சுற்றி வந்து மறுபடி நகல் எடுக்கப்படும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஆனால் கேபிளில் எந்தச் செய்தியும் போகும் உறையான ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் எண் கிடையாது. வட்டத்தை யாராவது அறுக்கும்வரை அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஜிகாபிட் இணைப்பில், மிகச் சிறிய ஃபிரேம் என்றால், நொடிக்குச் சுமார் 14.88 லட்சம் போகலாம். அத்தனையும் அந்த விலானில், அதாவது பிராட்காஸ்ட் பரவும் நெட்வொர்க் பிரிவில், உள்ள ஒவ்வொரு கணினிக்கும், ஃபோனுக்கும், வைஃபை கருவிக்கும் வந்து சேரும்.

அடுத்து நேரம். அன்று நாங்கள் குறித்து வைத்தவை பெரும்பாலும் அரட்டைக் குழுவின் செய்திகளும் ஃபோன் அழைப்புப் பதிவுகளும்தான். முதல் புகார் 10:42-க்கு வந்தது. ஆனால் தொடங்கியது எப்போது என்று அவை சொல்லாது. மூன்றாம் தள ஸ்விட்ச் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவான லாக்கில் அது இருந்தது. அந்த ஸ்விட்ச் அன்று மறுதொடக்கம் ஆகவில்லை. லாக் சேமிக்கும் இடத்தையும் முன்பே யாரோ பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் பின்னால் குவிந்த செய்திகள் முதல் செய்தியை அழித்திருக்கும்.

```
*Apr 18 04:13:19: %LINK-3-UPDOWN: Interface
 GigabitEthernet1/0/12, changed state to up
*Apr 18 04:13:21: %SW_MATM-4-MACFLAP_NOTIF: Host ... in vlan 10
 is flapping between port Gi1/0/11 and port Gi1/0/12
```

தேதி ஏப்ரல் 18 அல்ல. நேரமும் விடிகாலை நான்கு அல்ல. முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறி, "என் கடிகாரத்தை நம்பாதே" என்று ஸ்விட்ச் சொல்வது. யாரும் நேரத்தைச் சரிசெய்யாத இந்த வகை ஸ்விட்ச், மின்சாரம் வந்ததும் 1993 மார்ச் 1 என்று எண்ணத் தொடங்கிவிடும். நேர சர்வரோடு அதை இணைக்க நாங்கள் மறந்திருந்தோம். கடிகாரம் தவறாக இருந்தாலும் சீராக ஓடியிருக்கிறது என்பதால் கணக்குப் போட முடிந்தது. கைக்கடிகாரத்தில் 15:40:10 ஆனபோது `show clock` கொடுத்தேன். ஸ்விட்ச் 09:12:40 என்றது. அதிலிருந்து 04:13:19-ஐக் கழித்தால் 4 மணி 59 நிமிடம் 21 நொடி. அதை 15:40:10-இலிருந்து கழித்தால் 10:40:49. கேபிள் செருகப்பட்ட கணம் அதுதான். இரண்டு நொடி கழித்து, ஒரே கணினி இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறித் தெரிவதாக ஸ்விட்ச் முறையிடத் தொடங்கிவிட்டது. எங்களுக்குத் தேவையான பதில் அப்போதே எழுதப்பட்டு அங்கே இருந்தது. அதைப் படிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

காலவரிசை எழுதும்போது நான் பிடிவாதமாக ஒன்றைக் கடைப்பிடித்தேன். ஒவ்வொரு வரியிலும் அந்த நேரத்தில் எங்களுக்கு என்ன தெரிந்ததோ அதை மட்டும் எழுதுவது. பிறகு தெரிந்ததைத் தனிப் பத்தியில் வைப்பது. இரண்டையும் கலந்தால், முட்டாள்தனமாகத் தெரியும் முடிவுகள் அப்போது ஏன் நியாயமாகப் பட்டன என்பது மறைந்துவிடும்.

10:47-க்கு நாங்கள் இணைய சேவை நிறுவனத்தை அழைத்தோம். வெளியே உள்ள ஒரு முகவரிக்கு பிங் அனுப்பினால் பத்தில் இரண்டு, மூன்று பதில் வந்துகொண்டிருந்தது. சுத்தமாக அறுந்திருந்தால் உள்ளேதான் பிரச்சினை என்று நினைத்திருப்போம். அரைகுறையாக வந்ததால் வெளி இணைப்பு பலவீனம் என்று நினைத்தோம். உள்ளே இருக்கும் பிரிண்டருக்கும் பிங் அதே மாதிரிதான் தடுமாறுகிறது என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 11:01-க்கு, தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். 14 நிமிடம் போய்விட்டது.

11:04-க்கு, எல்லாத் தளங்களின் இணைப்பும் வந்து சேரும் மைய ஸ்விட்சை அணைத்துப் போட்டோம். இந்த முடிவு என்னுடையது. 11:11-க்கு அது எழுந்தது, அரை நிமிடம் போல எல்லாம் சரியானது, கைதட்டல்கூடக் கேட்டது. 11:12-க்கு மறுபடி விழுந்தது. வட்டம் மூன்றாம் தளத்தில் அப்படியே இருந்ததே. மையம் அந்தத் தளத்துக்கான இணைப்பைத் திறந்ததும் வெள்ளம் மறுபடி உள்ளே வந்துவிட்டது. அந்த மறுதொடக்கத்தால் மைய ஸ்விட்சின் நினைவகத்தில் இருந்த லாக் முழுவதும் போய்விட்டது. அதை அறிக்கையில் தனி வரியாக எழுதினேன். எட்டு நிமிடம் போனதை விட அதுதான் பெரிய இழப்பு.

அடுத்த ஒன்பது நிமிடம் கன்சோல் கேபிளைத் தேடினோம். ஸ்விட்சுக்குள் நுழைய நாங்கள் எப்போதும் நெட்வொர்க் வழியாகத்தான் போவோம். நெட்வொர்க்கே இல்லாதபோது நேரடியாகச் செருகும் அந்தக் கேபிள் ஒன்றுதான் வழி. அது யாருடைய இழுப்பறையிலோ கிடந்தது.

11:21-க்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. மைய ஸ்விட்சின் சிபியு 99 சதவீதத்தில் நின்றது. பிராட்காஸ்டில் பெரும்பகுதி, முகவரி கேட்கும் செய்திகள். அவற்றை மைய ஸ்விட்ச் தன் சிபியுவால் படித்தாக வேண்டும். மற்ற விலான்களும் ஏன் திணறின என்பதற்கு அதுதான் பதில். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் போகும் இணைப்பில் உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று பார்த்தோம். ஒன்றைத் தவிர எல்லாத் தளங்களுக்கும் வெளியே போவது உச்சத்தில் இருந்தது. உள்ளே வருவது அந்த ஒரே ஒரு இணைப்பில் மட்டும் உச்சம்: மூன்றாம் தளம். இதே நிலையில் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். வெள்ளம் மற்ற எல்லா இணைப்பிலும் வெளியே போகும். எந்த இணைப்பில் உள்ளே வருகிறதோ அந்தப் பக்கம்தான் ஊற்று. 11:31-க்கு மூன்றாம் தளத்தின் ஃபைபரைப் பிடுங்கினோம். மற்ற தளங்கள் உடனே எழுந்தன. மூன்றாம் தளத்தில் லாக்கைப் படித்து 11, 12 என்ற போர்ட்டுகளைப் பிடித்து, அவை எந்த அறைக்குப் போகின்றன என்று தேடிக் கேபிளை உருவியபோது 11:52. ஃபைபரை மறுபடி இணைத்தது 11:58.

ஆக, மற்ற தளங்களுக்கு 50 நிமிடம், மூன்றாம் தளத்துக்கு 77 நிமிடம். அந்த 50-இல் உண்மையில் நோயைக் கண்டுபிடித்து அறுக்க ஆனது வெறும் 10 நிமிடம். இந்தக் கணக்கை எழுதியபோதுதான், "ஏன் நடந்தது" என்பதும் "ஏன் இவ்வளவு நேரம் நீடித்தது" என்பதும் வேறு வேறு கேள்விகள், இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

சரி, ஏன் நடந்தது? லூப் என்பது புதிய நோய் இல்லை. அதைத் தடுக்கவே ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஸ்விட்சுகள் ஒன்றுக்கொன்று பிபிடியு என்ற சின்னச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். தான் அனுப்பியதே தன்னிடம் திரும்பி வந்தால் வட்டம் இருக்கிறது என்று அறிந்து ஒரு போர்ட்டை அடைத்துவிடும். எங்கள் எல்லா ஸ்விட்சிலும் அது இயங்குகிறது. போதாததற்கு, பயனர் போர்ட்டில் பிபிடியு வந்தாலே போர்ட்டை மூடும் காவலும் போட்டிருந்தோம். பிறகு எப்படி? அந்த இரண்டு போர்ட்டுகளின் அமைப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் இதே வரிகள்.

```
interface GigabitEthernet1/0/12
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
 spanning-tree bpdufilter enable
```

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல அமைப்பு மாதிரித்தான் தெரியும். `bpduguard` என்ற வரி காவல். அடுத்து வரும் `bpdufilter` என்ற வடிகட்டி, அந்தப் போர்ட்டில் பிபிடியுவை அனுப்பாதே, வந்தாலும் கண்டுகொள்ளாதே என்கிறது. அதாவது அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீயே இல்லை. இரண்டும் ஒரே போர்ட்டில் இருந்தால் வடிகட்டிக்குத்தான் முன்னுரிமை. காவலாளிக்கு எதுவும் கண்ணில் படாது. ஆனால் அமைப்பைச் சரிபார்க்கும் எங்கள் ஸ்கிரிப்ட் `bpduguard enable` என்ற வரி இருக்கிறதா என்று மட்டும்தான் தேடும். அதனால் ஒவ்வொரு மாதமும் அந்தப் போர்ட்டுகளுக்குப் பச்சைக் குறி போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வடிகட்டி வரி எப்படி வந்தது என்று பழைய மாற்றக் கோரிக்கைகளில் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறையில் ஒரு வெளிக்குழு தங்கள் சொந்த ஸ்விட்சோடு வந்து ஒரு வாரம் வேலை செய்தது. அது பிபிடியு அனுப்பும் வகை. காவல் தன் கடமையைச் செய்து போர்ட்டை மூடிக்கொண்டே இருந்தது. அவர்கள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். அவசரத்துக்கு வடிகட்டியைப் போட்டோம். கோரிக்கையில் "தற்காலிகம்" என்று எழுதியிருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்ற தேதி இல்லை. அனுமதி கொடுத்தவரின் பெயர் என்னுடையது. அறிக்கையில் பெயர்கள் எழுதுவதில்லை என்பது எங்கள் வழக்கம், அதனால் "குழுத் தலைவரின் ஒப்புதலுடன்" என்று எழுதினேன். மதிப்பாய்வுக் கூட்டத்தில் அது நான்தான் என்று வாய்விட்டும் சொன்னேன். கேபிளைச் செருகியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

இப்போது மூல காரணம் என்ற தலைப்புக்குக் கீழே வந்த பத்தி இது: "பயனர் போர்ட்டுகள் இரண்டில், தற்காலிகமாகப் போட்ட வடிகட்டி இரண்டு வருடம் நீக்கப்படாமல் இருந்ததால் லூப் பாதுகாப்பு செயலிழந்திருந்தது. சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் இதைக் கண்டுபிடிக்கும்படி எழுதப்படவில்லை. எல்லாத் தளங்களும் ஒரே விலானில் இருந்ததால் ஒரு அறையின் கோளாறு முழு அலுவலகத்துக்கும் பரவியது." கேபிள் செருகியது 'தூண்டுதல்' என்ற வேறு வரிக்குப் போனது. தொங்கும் கேபிளைப் பார்த்துச் செருகுவது ஒரு மனிதர் இயல்பாகச் செய்யும் காரியம். அதைத் தாங்கும்படி நெட்வொர்க் இருந்திருக்க வேண்டும்.

தடுப்பு நடவடிக்கைகளில் முதலில் வந்த யோசனை, எல்லா ஊழியர்களுக்கும் ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புவது. அதை நான் நீக்கச் சொன்னேன். ஆறு மாதத்துக்குப் பிறகு வேலைக்குச் சேருபவர் அதைப் படித்திருக்க மாட்டார். படித்தவருக்கும், மேஜைக்கடியில் தொங்குகிற ஒரு நுனியைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வராது. அதற்குப் பதிலாக எல்லா ஸ்விட்சிலும் அந்த வரியைத் தேடினோம். இன்னும் ஏழு போர்ட்டுகளில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தோம். வடிகட்டி எங்கே இருந்தாலும் சிவப்புக் காட்டும்படி ஸ்கிரிப்டை மாற்றினோம். தற்காலிகம் என்று குறித்த எந்த மாற்றக் கோரிக்கையும் முடிவுத் தேதி இல்லாமல் சேமிக்க முடியாதபடி படிவத்தையும் மாற்றினோம். நீடித்த நேரத்துக்கான பதில்கள் எளியவை. ஒவ்வொரு தளத்தின் ரேக்கிலும் ஒரு கன்சோல் கேபிள் கட்டித் தொங்குகிறது, எல்லா ஸ்விட்சும் நேர சர்வரோடு இணைந்திருக்கிறது, லாக் வெளியே ஒரு சர்வருக்கும் போகிறது. மைய ஸ்விட்சை அணைப்பதற்கு முன் கன்சோலில் லாக்கை எடுத்து வைக்க வேண்டும் என்பதை அவசரக் குறிப்பேட்டில் முதல் வரியாகச் சேர்த்தோம்.

இத்தோடு அறிக்கையை மூடச் சொன்னார்கள். நான் ஒரு சனிக்கிழமை கேட்டேன். யாரும் வேலை செய்யாத நேரத்தில், ஃபைபர் பக்கத்தில் ஒருவரைத் தயாராக நிற்க வைத்துவிட்டு, அதே அறையில் அதே கேபிளை அதே போர்ட்டில் செருகினோம். உடனே 12-ஆம் போர்ட்டின் விளக்கு ஆரஞ்சு நிறமானது. லாக்கில் `%SPANTREE-2-BLOCK_BPDUGUARD` வந்தது. மைய ஸ்விட்சின் சிபியு அசையவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

கிடங்கில் அதே மாதிரிச் சின்ன ஸ்விட்சுகள் இன்னும் இரண்டு வகை இருந்தன. வந்ததே வந்தோம், அவற்றையும் பார்த்துவிடலாம் என்றார் நண்பர். முதல் வகை முன்பு போலவே. இரண்டாவதைச் செருகியதும் ஆரஞ்சு வரவில்லை. இரண்டு நொடி, மூன்று நொடி. எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கின. கேபிளைப் பிடுங்கிவிட்டோம். அந்த வகை ஸ்விட்ச் பிபிடியுவைக் கடத்தாமல் தானே விழுங்கிவிடுகிறது. தள ஸ்விட்ச் அனுப்பிய செய்தி திரும்பி வரவே இல்லை. வராத செய்தியைக் காவலாளி எப்படிப் பார்ப்பான்? நாங்கள் முழுமையானது என்று எழுதி வைத்த தடுப்பு, எங்களிடம் இருந்த மூன்றில் ஒரு வகைக்கு வேலை செய்யாது.

அதனால் இரண்டாவது அரண் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு போர்ட்டில் உள்ளே வரும் பிராட்காஸ்ட் அளவு மீறினால், காரணம் என்னவென்று கேட்காமலே அதை மூடுவது.

```
 storm-control broadcast level 1.00
 storm-control action shutdown
```

ஜிகாபிட் போர்ட்டில் ஒரு சதவீதம் என்றால் நொடிக்கு 10 மெகாபிட். இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. ஒரு வாரம் எல்லாப் போர்ட்டுகளையும் அளந்தோம். காலையில் எல்லோரும் ஒன்றாகக் கணினியைத் திறக்கும் நேரத்தில்கூட எந்தப் போர்ட்டும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. மூடிய போர்ட் தானாகத் திறக்கும் வசதியை வேண்டாம் என்று விட்டோம். வட்டம் அப்படியே இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு குட்டிப் புயல் அடிக்கும். ஒரு அறை எங்களை ஃபோனில் அழைத்துத் திறக்கச் சொல்வது அதைவிட மேல்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை கேபிளைச் செருகியவர், அன்று செருகிய அதே ஊழியர். தானே வருகிறேன் என்று கேட்டு வந்தார். பிபிடியுவை விழுங்கும் அந்த ஸ்விட்சில்தான் செருகினார். விளக்குகள் ஒரு நொடி வெறிபிடித்துத் துடித்தன. பிறகு `%STORM_CONTROL-3-SHUTDOWN` என்று வந்து போர்ட் மூடிக்கொண்டது. பக்கத்து அறையில் ஓட விட்டிருந்த சோதனை ஃபோன் அழைப்பில் ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான். அறிக்கையில் அந்த வரிசைக்கு நேரே "சரிபார்க்கப்பட்டது" என்று தேதி போட்டேன்.

ஒரு வரிசை மட்டும் இன்னும் திறந்திருக்கிறது: தளத்துக்கு ஒரு விலான் என்று பிரிப்பது. பிரிண்டர்கள், ஃபோன்கள், நிலையான முகவரி வைத்த பழைய கருவிகள் என்று நகர்த்த வேண்டியவை நிறைய. முதல் தளம் முடிந்துவிட்டது. இரண்டாம் தளத்துக்கான பட்டியலை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.